மேற்கத்திய இசைத்தாளை முதல் தடவை படிப்பது: ஒரு மினுவெட்டின் எட்டு பார்கள்

கேள்வி: காதால் கேட்டு கீபோர்டு வாசிப்பேன். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டதால் ச ரி க ம தெரியும். இப்போது ஜி மேஜர் மினுவெட் ஒன்றை பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து கோடுகளாக இரண்டு அடுக்கு, இடது ஓரத்தில் ஒரு சுருள், பக்கத்தில் ஒரு ஷார்ப், 3/4, அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக நிறையப் புள்ளிகள். எங்கே தொடங்குவது? எந்த வரிசையில் படிப்பது?

பதில்:

ஜி மேஜர் மினுவெட் என்றால் பெரும்பாலும் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் வருட நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற அந்த மினுவெட்டாகத்தான் இருக்கும். வலது கை ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, கீழே இறங்கி நாலு சுரம் படிப்படியாக ஏறினால் அதுவேதான். உங்கள் தாளின் மேலே பாக் என்று பெயர் போட்டிருக்கலாம், பழைய பதிப்புகளில் அப்படித்தான் இருக்கும். எழுதியவர் டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்தியான் பெட்சோல்ட். எப்படியோ, முதல் தாளாக எடுத்துக்கொள்ள நல்ல தேர்வு, ஏனென்றால் நீங்கள் கேட்கிற சுருள், ஷார்ப், 3/4 மூன்றுக்கும் உதாரணம் முதல் எட்டு பாருக்குள்ளேயே வந்துவிடுகிறது. பார் என்பது தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு துண்டு. அதை வைத்தே சொல்கிறேன், தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. முதல் புள்ளியைப் பார்த்ததும் அது என்ன சுரம் என்று கண்டுபிடிக்க ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் ஒரு வரி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இடது ஓரத்தில் இருக்கிற மூன்று குறிகள்தான் அந்த வரியில் வரப்போகிற எல்லாப் புள்ளிக்கும் அர்த்தம் கொடுக்கின்றன. க்ளெஃப், கீ சிக்னேச்சர், டைம் சிக்னேச்சர், எப்போதும் இதே வரிசையில்தான் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் திரும்ப வரும், 3/4 மட்டும் முதல் வரியோடு சரி.

க்ளெஃப்பிலிருந்து தொடங்குவோம். வெறும் ஐந்து கோடுகளுக்குத் தானாக எந்த அர்த்தமும் கிடையாது. இந்தக் கோடு இந்தச் சுரம் என்று யாராவது ஒரு இடத்தில் ஆணி அடித்தாக வேண்டும், அந்த ஆணிதான் க்ளெஃப். மேல் அடுக்கில் இருக்கிற சுருள் ட்ரெபிள் க்ளெஃப். அது ஆங்கில எழுத்து ஜி காலப்போக்கில் அலங்காரமாக வளைந்து வந்த வடிவம். அதன் வயிற்றுப் பகுதி எந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்: கீழிருந்து இரண்டாவது கோடு (கோடுகளை எப்போதும் கீழிருந்துதான் எண்ண வேண்டும்). அந்தக் கோடு ஜி. மிடில் சி-க்கு மேலே வருகிற முதல் ஜி.

கீழ் அடுக்கில் காது மாதிரி வளைந்து பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருப்பது பேஸ் க்ளெஃப். இது எஃப் எழுத்திலிருந்து வந்தது. அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் போகிற கோடு, அதாவது நாலாவது கோடு, எஃப். மிடில் சி-க்குக் கீழே வருகிற முதல் எஃப்.

இவ்வளவு போதும். மற்ற கோடுகளுக்கெல்லாம் பெயர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எண்ணிக்கொள்ளலாம். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு எழுத்து, இடைவெளியிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் இன்னொரு எழுத்து. மேலே போனால் ஏ, பி, சி என்று ஏறும், ஜி முடிந்தால் மறுபடி ஏ. ட்ரெபிளில் இரண்டாவது கோடு ஜி என்றால் அதற்கு மேல் உள்ள இடைவெளி ஏ, மூன்றாவது கோடு பி, அதற்கு மேல் இடைவெளி சி, நாலாவது கோடு டி. உங்கள் தாளில் வலது கையின் முதல் புள்ளி இந்த நாலாவது கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும். டி.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம், அது வெறும் அச்சு வசதிக்காக. ட்ரெபிளுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட்டால் மிடில் சி. பேஸுக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டாலும் அதே மிடில் சி, அதே கட்டை. அந்தச் சின்னக் கோட்டுக்கு லெட்ஜர் கோடு என்று பெயர். 61 கட்டை கீபோர்டில் இடமிருந்து மூன்றாவது சி அது. 88 கட்டை பியானோவில் நாலாவது.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த மினுவெட்டில் இடது கை பெரும்பாலும் பேஸ் அடுக்கின் உச்சியிலேயே உலவுகிறது. முதல் பாரில் மேல் இடைவெளியில் ஜி, பிறகு மேல் கோட்டில் ஏ. இரண்டாவது பாரில் மேல் கோட்டுக்கும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற பி. மூன்றாவதில் லெட்ஜர் கோட்டில் சி, அதாவது மிடில் சி. ட்ரெபிள் மட்டும் பழகியவர்கள் பேஸ் அடுக்கையும் ட்ரெபிள் போலவே படித்துவிடுவார்கள், அப்போது மேல் இடைவெளி ஜி-க்குப் பதில் இ ஆகிவிடும். இரண்டு கையையும் சேர்த்த உடனே கர்ணகடூரமாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். ஆனால் இடது கையை மட்டும் தனியாகப் பழகினால் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், இடம் மட்டும் தப்பாக இருக்கும். அதனால் தனிக்கை பயிற்சி தொடங்கும் முன் இடது கையின் முதல் சுரத்தை பேஸ் க்ளெஃப்பின் இரண்டு புள்ளியிலிருந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள். எஃப் கோடு, அதற்கு மேல் இடைவெளி ஜி. சரி.

இங்கே உங்கள் ச ரி க ம பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ச என்பது பாடுபவரின் சுருதியைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த எழுத்துகள் அப்படி நகராது. இந்தக் கோடு ஜி என்றால் கீபோர்டில் குறிப்பிட்ட ஒரே ஒரு கட்டைதான். ஆகவே சி-தான் ச என்று மனதில் ஒட்டவைத்துக்கொண்டு தாளைப் படிக்காதீர்கள், அடுத்த குறியிலேயே அது உடைந்துவிடும்.

அந்த அடுத்த குறிதான் கீ சிக்னேச்சர். க்ளெஃப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஷார்ப் இருக்கிறது இல்லையா? ட்ரெபிள் அடுக்கில் அது மேல் கோட்டில் உட்கார்ந்திருக்கும், பேஸ் அடுக்கில் நாலாவது கோட்டில். எண்ணிப் பார்த்தால் இரண்டுமே எஃப். இந்தப் பாட்டில் எங்கே எஃப் வந்தாலும் வெள்ளைக் கட்டை எஃப்பை விட்டுவிட்டு அதற்கு வலது பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டையை, அதாவது மூன்று கறுப்புக் கட்டைக் கூட்டத்தில் முதலாவதை, வாசி என்று அர்த்தம்.

எங்கே வந்தாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், முதல் தாளில் அதிகம் நடக்கிற தப்பு இங்கேதான். ஷார்ப் மேல் கோட்டில் எழுதியிருப்பதால் அந்தக் கோட்டில் வருகிற எஃப்புக்கு மட்டும்தான் என்று கண் நினைத்துக்கொள்ளும். மூன்றாவது பாரில் வலது கை சி, டி, இ, எஃப் என்று ஏறும்போது எஃப் மேல் கோட்டிலேயே வருகிறது, அதைச் சரியாகக் கறுப்பில் வாசித்துவிடுவீர்கள். ஏழாவது பாரில் முதல் சுரமும் எஃப்தான், ஆனால் அது ஒரு ஸ்தாயி கீழே, ட்ரெபிளின் முதல் இடைவெளியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஷார்ப் எதுவும் இல்லை. கை வெள்ளைக் கட்டைக்குப் போய்விடும். அதுவும் ஷார்ப்தான். கீ சிக்னேச்சர் எல்லா ஸ்தாயிக்கும் பொருந்தும், எந்த உயரத்தில் எழுதியிருந்தாலும்.

நீங்கள் பாட்டு கற்றவர் என்பதால் இந்தத் தப்பைக் காதால் பிடிக்க உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, மற்றவர்களுக்கு அது கிடையாது. ஒரு ஷார்ப் உள்ள மேஜர் தாளில் ஜி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஐந்து கட்டை சுருதி. ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப் என்று ஏறினால் அப்படியே சங்கராபரணத்தின் சுரங்கள். இப்போது வலது கையின் எட்டு பாரையும் சுரமாகச் சொன்னால் இப்படி வரும்:

```
ப  சரி கம | ப  ச  ச | த  மப தநி | ச்  ச  ச |
ம  பம கரி | க  மக ரிச | நி  சரி கச | ரி
```

(நாலாவது பாரின் முதல் ச மேல் ஸ்தாயி. ஏழாவது பாரின் நி கீழ் ஸ்தாயி, நான் சொன்ன அந்த எஃப் ஷார்ப். மற்ற எல்லாம் மத்திம ஸ்தாயிதான்.) இதில் எஃப்பை வெள்ளைக் கட்டையில் வாசித்தால் காகலி நிஷாதம் போய்க் கைசிகி நிஷாதம் வந்துவிடும், பாட்டு ஹரிகாம்போதிப் பக்கம் சாய்ந்துவிடும். ஏழாவது பாரில் திடீரென்று அப்படிக் கேட்டால் தாளைத் திரும்பப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எஃப்பைத் தவறவிட்டீர்கள். மேற்கத்திய முறையில் மட்டும் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் தோன்றும், எது என்று தெரியாது.

வேறு தாள் எடுத்தால் இரண்டு மூன்று ஷார்ப் இருக்கலாம், இல்லை சுரத்தை ஒரு கட்டை கீழே இறக்குகிற ஃப்ளாட் இருக்கலாம். ஷார்ப்கள் எப்போதும் ஒரே வரிசையில்தான் சேரும்: எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி. இரண்டு ஷார்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஃப்பும் சி-யும், வேறு இரண்டு இருக்கவே முடியாது. ஃப்ளாட்கள் இதே வரிசையைப் பின்னாலிருந்து எடுத்துக்கொள்ளும். மேஜரில் ஆதார சுரத்தைக் கண்டுபிடிக்க, கடைசி ஷார்ப்புக்கு ஒரு கட்டை மேலே பாருங்கள், கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணி. இங்கே எஃப் ஷார்ப்புக்கு அடுத்தது ஜி. ஃப்ளாட் என்றால் கடைசிக்கு முந்தின ஃப்ளாட்டின் பெயரே ஆதாரம். ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தால் மட்டும் இந்த விதி உதவாது, அது எஃப் மேஜர் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரு சிக்கல், அதே ஒரு ஷார்ப் இ மைனருக்கும் பொருந்தும். இரண்டில் எது என்று ஓரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாட்டின் கடைசி பாரில் இடது கை எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். உங்கள் மினுவெட்டில் அது ஜி.

இப்போது பாட்டின் பின்பாதிக்கு ஒரு நிமிடம் தாவுகிறேன், அங்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இருபதாவது பாரில் வலது கைக்கு சி, பி, சி, ஏ என்று வரும். முதல் சி-யின் முன்னால் ஒரு ஷார்ப் ஒட்டியிருக்கும். இது ஓரத்தில் இருக்கிற ஷார்ப் மாதிரி அல்ல, வழியில் வந்து சேர்ந்தது, அதனால் இதன் ஆயுள் அந்த பார் முடிகிற வரைக்கும்தான், அதுவும் அந்த ஸ்தாயிக்கு மட்டும். அதே பாரில் இரண்டாவது தடவை வருகிற சி-க்கு ஷார்ப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் அது ஷார்ப்தான். இருபத்தொன்றாவது பாருக்குள் நுழைந்ததும் ஆயுள் முடிந்துவிட்டது, அங்கேயும் சி ஷார்ப் வேண்டும் என்பதால் மறுபடி ஒரு குறி போட்டிருப்பார்கள். இருபத்தேழாவது பாரில் டி, சி, பி என்று இறங்கும்போது குறி இல்லை, ஆகவே அது சாதாரண வெள்ளை சி. சில பதிப்புகளில் நீங்கள் மறந்துவிடக் கூடாதே என்று அங்கே ஷார்ப்பை நீக்குகிற நேச்சுரல் குறி ஒன்று போட்டிருப்பார்கள், அது மரியாதைக்குப் போட்டது, இல்லாவிட்டாலும் அர்த்தம் மாறாது.

ஜி-யை ச என்று வைத்துக் கேட்டால் அந்த சி ஷார்ப் பிரதி மத்யமம், கல்யாணி எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். நடப்பது அது அல்ல. அந்த இடத்தில் பாட்டு டி-யை ஆதாரமாக்கிக்கொண்டு டி மேஜருக்குப் போகிறது, இருபத்துநாலாவது பாரில் டி-யில் போய் நிற்கிறது, பிறகு ஜி-க்குத் திரும்பிவிடுகிறது. கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று ஓரத்தில் இருக்கிற கீ சிக்னேச்சரை மாற்றாமல் வழியில் ஷார்ப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

சரி, நீளத்துக்கு வருவோம். புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது எந்தச் சுரம் என்று சொல்லும். புள்ளியின் தோற்றம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். இரண்டும் தனித்தனி. உங்கள் தாளின் வலது கைக்கு மூன்று தோற்றம் தெரிந்தால் போதும். கறுப்புத் தலை, ஒரு குச்சி: க்ராட்செட், இங்கே ஒரு அடி. கறுப்புத் தலை, குச்சியின் நுனியில் வால் அல்லது பக்கத்துச் சுரத்தோடு சேர்த்துப் போட்ட தடித்த பாலம்: க்வேவர், அரை அடி. வெள்ளைத் தலை, குச்சி: மினிம், இரண்டு அடி, அதன் வலது பக்கம் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் தன் பாதியைக் கூட்டிக்கொள்ளும், அதாவது இரண்டும் ஒன்றும் மூன்று. ட்ரினிட்டி மாதிரி கிரேடு தேர்வுப் புத்தகங்களில் இந்தப் பிரிட்டிஷ் பெயர்கள்தான் இருக்கும். அமெரிக்கப் பாடங்களிலும் பல ஆப்களிலும் இவற்றையே க்வார்ட்டர், எய்த், ஹாஃப் என்று சொல்வார்கள், பொருள் ஒன்றுதான்.

குச்சி மேலே போகிறதா கீழே போகிறதா என்பதற்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிற புள்ளிக்குக் குச்சி கீழே, கீழே இருக்கிற புள்ளிக்குக் குச்சி மேலே, கோடுகளை விட்டு ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. அவ்வளவுதான்.

3/4-இல் மேலே உள்ள 3 ஒரு பாருக்கு மூன்று அடி என்கிறது, கீழே உள்ள 4 அந்த அடி ஒவ்வொன்றும் ஒரு க்ராட்செட் என்கிறது. வேகத்தைப் பற்றி இது எதுவுமே சொல்லவில்லை. நீளங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம், விநாடிக் கணக்கு அல்ல. ஆகவே நீங்கள் முதல் நாள் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும், விகிதம் சரியாக இருந்தால் தாளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். மெட்ரோனோமில் 60 வைத்துத் தொடங்குங்கள், அதுவும் வேகமாக இருந்தால் 50.

கீபோர்டைத் தொடும் முன் கணக்கை வாயால் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒன்-டூ-அண்ட் என்று எண்ணுவார்கள், நமக்கு அதைவிட நல்லதாகவே கையில் இருக்கிறது: ஒரு அடிக்குத் தா, இரண்டு அரை அடிக்குத் தக. முதல் பார்: தா, தக, தக. இரண்டாவது: தா, தா, தா. மூன்றாவது மறுபடி தா தக தக, நாலாவது தா தா தா. ஐந்து, ஆறு, ஏழு மூன்றுமே தா தக தக. எட்டாவது பாரில் ஒரே ஒரு தா, மூன்று அடிக்கும் நீண்டது. கையில் மூன்று அடி போட்டுக்கொண்டு எட்டு பாரையும் சொல்லிப் பாருங்கள், மொத்தமே இரண்டு அச்சுதான், கடைசியில் ஒரு நீட்டல். புள்ளிகளைப் பார்த்தபோது இருந்த பயம் பாதி இங்கேயே போய்விடும்.

எந்தப் பாரையும் கூட்டிப் பார்த்தால் மூன்று வர வேண்டும். முதல் பார் ஒன்றும், நாலு அரையும், ஆக மூன்று. இடது கையின் முதல் பார் மினிமும் க்ராட்செட்டும், இரண்டும் ஒன்றும் மூன்று. கூட்டல் வரவில்லை என்றால் ஒரு புள்ளியையோ பாலத்தையோ தவறாகப் பார்த்திருக்கிறீர்கள், அல்லது நடுவில் இருக்கிற ஓய்வுக்குறியைச் சுரமில்லையே என்று விட்டுவிட்டீர்கள். ஓய்வுக்கும் நேரம் உண்டு.

இரண்டு கையையும் சேர்க்கும்போது தாளை மேலிருந்து கீழாகவும் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் ஒரே செங்குத்தில் இருக்கிற சுரங்கள் ஒன்றாக விழ வேண்டும். முதல் பாரில் வலது கை டி-யும் இடது கை ஜி-யும் சேர்ந்து விழும். அடுத்து வலது கை ஜி, ஏ வாசிக்கும்போது இடது கைக்குப் புதிதாக எதுவும் இல்லை, ஆனால் விரலை எடுக்கக் கூடாது, அந்த மினிம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது அடியில் வலது கை பி-யைத் தொடும் அதே நேரத்தில் இடது கை ஏ-வுக்கு நகரும். (சில பதிப்புகளில் இடது கையின் முதல் மினிம் ஒற்றைச் சுரமாக இல்லாமல் ஜி, பி, டி மூன்றும் ஒரே குச்சியில் அடுக்கியிருக்கும். மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும், நீளம் அதே இரண்டு அடி. அது கடினமாக இருந்தால் இப்போதைக்குக் கீழே உள்ள ஜி மட்டும் போதும்.)

இந்த இடத்தில் நடக்கிற தப்பு சத்தமில்லாமல் நடக்கும். இரண்டாவது பாரில் இடது கைக்கு ஒரே ஒரு பி, புள்ளி வைத்த மினிம். பாரின் தொடக்கத்திலேயே அச்சடித்திருக்கும், அதற்கப்புறம் பார் முடியும் வரை வெற்றிடம். கண் வெற்றிடத்தைப் பார்த்ததும் ஓய்வு என்று எடுத்துக்கொண்டு விரலைத் தூக்கிவிடும். தாளில் இருக்கிற இடைவெளியை நேரமாக எண்ண முடியாது, நீண்ட சுரத்துக்கு அச்சில் கொஞ்சம் அதிக இடம் விடுவார்கள், ஆனால் கணக்குப்படி அல்ல. உண்மையிலேயே ஓய்வு வேண்டுமென்றால் அங்கே ஓய்வுக்குறி இருக்கும். சரியாக வாசிக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: இரண்டாவது பாரின் கடைசி ஜி-யை வலது கையில் வாசித்துவிட்டு அப்படியே உறைந்து நில்லுங்கள். ஜி-யும் பி-யும் இரண்டும் கேட்க வேண்டும். ஜி மட்டும் கேட்டால் இடது விரல் முன்பே எழுந்துவிட்டது. பியானோ அல்லது ஆர்கன் ஒலி வைத்துச் சோதியுங்கள். ஆர்கன் ஒலியில் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் விரல் இருக்கும் வரை சத்தம் குறையாது.

இனி சுரத்தின் பெயர். ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் பென்சிலால் எழுத்து எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். எழுதிய உடனே கண் எழுத்தைப் படிக்கும், புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிடும், பத்து தாள் போனாலும் பதினொன்றாவதுக்கும் எழுதத் தேவைப்படும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கைக்கும் வரியின் முதல் சுரத்தை மட்டும் க்ளெஃப்பிலிருந்து எண்ணிக் கண்டுபிடியுங்கள், மற்றதை வடிவமாகப் பாருங்கள். புள்ளி கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு வெள்ளைக் கட்டை நகர்வு (எஃப் ஷார்ப்பை மட்டும் கவனித்துக்கொண்டு). கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டு. இந்தக் கண்ணோடு முதல் பாரைப் பாருங்கள்: நாலாவது கோட்டில் தொடங்கி இரண்டாவது கோட்டுக்கு விழுகிறது, அது க்ளெஃப் சுற்றிக்கொண்டிருக்கிற அதே ஜி கோடு. அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று நாலு படி ஏறி, அடுத்த பாரில் புறப்பட்ட அதே நாலாவது கோட்டுக்கு வந்து சேர்கிறது. பிறகு இரண்டு தடவை ஜி. ஐந்து விரலும் ஜி-யிலிருந்து டி வரை அசையாமல் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு பாருக்கும் கையை நகர்த்தவே வேண்டாம்.

உங்கள் தாளில் முதல் டி-க்கு மேல் 5 என்றும் அடுத்த ஜி-க்கு மேல் 1 என்றும் போட்டிருக்கும். அது விரல் எண், கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. அதைச் சுர எண்ணாகவோ அடி எண்ணாகவோ நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய பேர். மூன்றாவது பாரில் இ-யில் தொடங்கி சி-க்கு இறங்கி நாலு படி ஏறி மேலே ஜி-யைத் தொடுகிறது, பார்த்தால் முதல் பாரின் அதே வடிவம் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தது, ஆனால் இறக்கம் சின்னது. கை இங்கே இடம் மாற வேண்டும், அதற்கான விரல் எண்ணும் போட்டிருப்பார்கள், அதை மட்டும் நம்பிப் பின்பற்றுங்கள், சொந்த விரலில் போனால் நாலாவது பாரில் ஒரு ஸ்தாயி இறங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எட்டாவது பாருக்கு வந்தால் வேலை கை மாறுகிறது. வலது கை ஏ-வில் மூன்று அடி நிற்கிறது, இடது கை லெட்ஜர் கோட்டுக்கு மேலே இருக்கிற டி-யை ஒரு அடி வாசித்து, அரை அடிக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள டி-க்கு (நடுக்கோடு) குதித்து, அங்கிருந்து மறுபடி மேலே சி, பி, ஏ என்று அரை அரை அடியாக இறங்கி ஒன்பதாவது பாருக்குள் நுழைகிறது. தா தக தக, இந்தத் தடவை இடது கைக்கு. முதல் தடவை வாசிக்கும்போது எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான், ஆகவே இந்த ஒரு பாரை மட்டும் தனியாக எடுத்து, வலது கை ஏ-வை விடாமல் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகப் பழகிவிட்டு அப்புறம் முதலிலிருந்து வாருங்கள்.

சுரத்துக்கு மேலே இருக்கிற வளைகோடுகள், தலைக்குக் கீழே உள்ள சின்னப் புள்ளிகள், நெளிவுக் குறிகள் எல்லாவற்றையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம். பல பதிப்புகளில் அவற்றில் பெரும்பகுதி பதிப்பாசிரியர் சேர்த்ததாக இருக்கும், பதிப்புக்குப் பதிப்பு மாறும். பதினாறாவது பாரின் முடிவில் தடித்த இரட்டைக் கோடும் அதை ஒட்டி இரண்டு புள்ளியும் இருந்தால் அதை மட்டும் விடாதீர்கள்: தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் முதல் பாதியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். முப்பத்திரண்டாவது பாரின் முடிவிலும் அதே குறி இருக்கும், அங்கே பதினேழாவது பாருக்குத் திரும்ப வேண்டும், பாட்டின் ஆரம்பத்துக்கு அல்ல.